காலர் மைக் சரசரப்பு + கேமராவில் உஸ்ஸென்ற இரைச்சல்: ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மறுபடி ஷூட், வழி சொல்லுங்க

பதினெட்டாம்_வளைவு | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். அஸ்தம்பட்டியில சின்னதா ஸ்டூடியோ வெச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, சீர்னு போற வேலைதான் அதிகம். அதுல மைக் வேலையே கிடையாது, பாட்டைப் போட்டு ஓட்டிடுவோம். போன வாரம் முதல்முறையா ஒரு பேட்டி எடுத்தேன். ஏற்காட்டுல காபித் தோட்டம் வெச்சிருக்கற ஒரு பெரியவர், 70 வயசு தாண்டினவர். சில்வர் ஓக் நிழல்ல செடி வெச்சது, மிளகுக் கொடி ஏத்தினது, மலைப்பாதை குறுகலா இருந்த காலத்துல மூட்டை இறக்கினதுன்னு 50 நிமிஷம் அருமையா பேசினார். குடும்பத்துக்காக அவர் பேரன் எடுக்கச் சொன்னது.

வீட்டுக்கு வந்து ஹெட்போன்ல கேட்டா அழுகையே வந்துடுச்சு. அவர் கையை ஆட்டும்போதெல்லாம் சரசர சரசரன்னு, காஞ்ச இலையை மிதிக்கற மாதிரி. அது போதாதுன்னு பேச்சுக்கு நடுவுல அவர் நிறுத்தி யோசிக்கும்போது உஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் மெல்ல ஏறி வருது. பேச ஆரம்பிச்சதும் அடங்கிடுது.

பெரியவர் மறுபடி உட்கார ஒத்துக்கிட்டார், ஞாயிறு காலை. இன்னொரு தடவை அவரைத் தொந்தரவு பண்ண முடியாது. மைக்கை எங்கே, எப்படி வைக்கணும்? கேமராவில லெவல் எப்படி வைக்கணும்? வயர்லெஸ் செட், பாடிபேக்ல குத்தற காலர் மைக், சோனி மிரர்லெஸ் கேமரா.

சிவா_விஷன் | செவ்வாய், இரவு 10:05

மைக்தான் பிரச்சனை. செட்டோட வர்ற மைக்கைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல மைக் தனியா வாங்குங்க. லெவலுக்கு ஒரே வழி, ரிசீவரை முழுசா ஏத்து, கேமராவை முழுசா இறக்கு. மீட்டர் மேல போய் முட்டற அளவுக்கு எடுத்தாத்தான் இரைச்சல் தெரியாது. சரசரப்பை எடிட்ல லோ கட் போட்டு எடுத்துடலாம்.

லேடீஸ்சீட்_பக்கம் | செவ்வாய், இரவு 10:31

நான் ஏற்காட்டுலயே இருக்கேன். இங்கே மூடுபனி இறங்கினா எல்லா சிக்னலும் இழுக்கும். உங்க வயர்லெஸ்ஸும் அதனாலதான் சரசரன்னு கேட்டிருக்கும். வெயில் ஏறினப்புறம் 11 மணிக்கு மேல எடுங்க, சரியாயிடும்.

பூம்கம்பு | புதன், காலை 6:50

தம்பி, பதில் சொல்வதற்கு முன் நாலு விஷயம் தெரிய வேண்டும். மைக் சட்டைக்கு வெளியே இருந்ததா, உள்ளேயா? எந்தப் பொத்தான் அருகில்? அவர் என்ன சட்டை, தோளில் துண்டு உண்டா? கேமராவில் ஆடியோ ஆட்டோவிலா, மேனுவலா? மேனுவல் என்றால் Audio Rec Level எண் எவ்வளவு, ரிசீவர் அவுட்புட் எந்தப் படியில்?

மைக்கைத் தூக்கிப் போட வேண்டாம். விலை கூடின மைக்கையும் கஞ்சி போட்ட சட்டைக்குள் கிளிப்பில் தொங்கவிட்டால் அதே சரசரப்புதான், இன்னும் துல்லியமாகக் கேட்கும். லேடீஸ்சீட் சொல்கிற சிக்னல் கோளாறும் இதுவல்ல. இப்போது வருகிற டிஜிட்டல் செட்களில் சிக்னல் போனால் பேச்சு துண்டு துண்டாக அறுந்து போகும், வார்த்தையே விழுங்கிப் போகும். கையை ஆட்டும்போது மட்டும் சத்தம் வருகிறது என்றால் அது துணி.

பதினெட்டாம்_வளைவு | புதன், காலை 8:15

அண்ணா, எல்லாமே நீங்க கேட்ட மாதிரிதான். மைக் தெரியக்கூடாதுன்னு சட்டைக்கு உள்ளே, ரெண்டாவது பொத்தான்கிட்ட, பட்டன் பட்டியோட உள்பக்கம் கிளிப் போட்டேன். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்ச்சது, மொடமொடன்னு நிக்கும். உள்ளே பனியன். இடது தோள்ல துண்டு. பாடிபேக் இடுப்புல, வேட்டி பெல்ட்ல. வயரை அப்படியே தொங்கவிட்டுட்டேன்.

கேமரா ஆட்டோல இருந்துச்சு. நடுவுல கொஞ்ச நேரம் மேனுவலுக்கு மாத்தி 26 வெச்சேன், அப்பவும் உஸ்னு கேக்குது. ரிசீவர்ல 0, -12, -24னு மூணு படி இருக்கு. பீக் அடிச்சுடுமோன்னு பயந்து -24லயே விட்டுட்டேன்.

பூம்கம்பு | புதன், காலை 9:20

நல்லது, எல்லாம் தெளிவாகிவிட்டது. முதலில் சரசரப்பு. இரைச்சல் தனிக்கதை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

சரசரப்பு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உன் பதிவில் மூன்று சத்தம் கலந்திருக்கும். ஒன்று, துணி மைக் தலையிலேயே உரசுவது. மிகப் பக்கத்தில், கரகரவென்று, பேச்சை விட உரக்கவே கேட்கும். இரண்டு, துணியோடு துணி உரசுவது: சட்டையும் பனியனும், சட்டையும் துண்டும். இது கொஞ்சம் தள்ளி, மெல்லியதாக, காகிதம் கசங்குவது போல இருக்கும். மூன்றாவது வயர். வயர் எங்காவது தேய்ந்தாலும் இழுபட்டாலும் அந்த அதிர்வு நூல் வழியாகப் போவது போல மைக்குக்குள் போய்விடும். இது டொக், தும் என்று அடித்தொண்டையில் கேட்கும்.

எது எது என்று பிரித்துப் பார்க்க இன்று ராத்திரியே ஒரு சோதனை செய். வீட்டில் யாருக்காவது அதே மாதிரி கஞ்சிச் சட்டையைப் போட்டு மைக் மாட்டு. ஹெட்போன் காதில் இருக்கட்டும். அவர் பேசாமல், அசையாமல் உட்கார, நீ வயரை மட்டும் இடுப்புக்கிட்டே பிடித்து மெல்ல ஆட்டு. சத்தம் வந்தால் அது வயர் வேலை. அடுத்து வயரைத் தொடாமல் அவரை ஒரு தோளை மட்டும் தூக்கச் சொல். வருகிறதெல்லாம் துணி. கடைசியாக மைக் இருக்கிற இடத்தை மேலிருந்து விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தோளைத் தூக்கச் சொல். அழுத்தும்போது கரகரப்பு நின்றுவிட்டால் உனக்குத் தேவை அந்த விரல் செய்கிற வேலையைச் செய்கிற ஒட்டு. மைக்கும் அதைத் தொடுகிற துணியும் ஒன்றாக அசைந்தால் உரசல் கிடையாது. மைக் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் போனால்தான் உரசல்.

சிவா சொன்ன லோ கட்டுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். 80 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டினால் அந்த வயர் தும்தும் பெரும்பாலும் குறையும். துணிக் கரகரப்போ பேச்சின் எழுத்துச் சத்தங்கள் இருக்கிற அதே இடத்தில், மேல் அலைவரிசைகளில் இருக்கிறது. அதை வெட்டப் போனால் ச, ஸ, ட எல்லாம் கூடவே போகும்.

சிவா_விஷன் | புதன், காலை 9:41

தும் போயிடுது, கரகரப்பு போகலைங்கறது சரிதான். நானும் பாத்திருக்கேன். காரணம் இப்பத்தான் புரியுது.

அம்மாபேட்டை_பட்டு | புதன், மதியம் 1:10

நான் கேக்கறது கொஞ்சம் வேற, ஆனா இதே தொல்லைதான். எங்க வீட்டுல தறி இருக்கு, நெய்யற பட்டுச் சேலையை வாரம் ரெண்டு நாள் நேரலையில காட்டி விக்கறேன். சேலையைக் கட்டிக்கிட்டே பேசணும். மைக்கை முந்தானையில தோள்கிட்ட குத்திக்கறேன். தலையை இடது பக்கம் திருப்பினா சத்தமாக் கேக்குது, வலது பக்கம் திருப்பினா கிணத்துல இருந்து பேசற மாதிரி ஆகுதுன்னு வாங்கறவங்க சொல்றாங்க. சரிகை உரசற சத்தம் வேற. எனக்கும் இந்த ஒட்டு வேலை ஆகுமா? பட்டுல டேப் ஒட்டினா கறை பிடிக்குமேன்னு பயம்.

பூம்கம்பு | புதன், மாலை 5:30

அக்கா, பட்டில், அதுவும் விற்கிற சேலையில், டேப் ஒட்டவே வேண்டாம். உங்களுக்கு ஊக்குதான். மைக்கைத் தோளில் இருந்து நடு மார்புக்கு இறக்குங்கள், தாடையில் இருந்து ஒரு சாண் கீழே. அங்கே வைத்தால் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் பெரிதாக மாறாது. முந்தானை மடிப்பு நடு மார்பைக் குறுக்கே கடக்கிற இடத்தில், நாலைந்து மடிப்பையும் ஒன்றாகச் சேர்த்து மைக் கிளிப்பைப் போடுங்கள். கிளிப்புக்கு இரண்டு விரல் மேலே ஓர் ஊக்கு, இரண்டு விரல் கீழே ஓர் ஊக்கு, மடிப்பையும் ரவிக்கையையும் சேர்த்துக் குத்திவிட்டால் அந்த நாலு அங்குலம் மட்டும் அசையாது. மற்ற முந்தானை எப்படிப் பறந்தாலும் பரவாயில்லை. சரிகைக் கரை பக்கம் போகாமல் உடல் பட்டு இருக்கிற இடமாகப் பாருங்கள். இந்த இரண்டு ஊக்கு வித்தை என் கண்டுபிடிப்பு இல்லை, ஒரு ஆவணப்பட வேலையில் உடையலங்காரம் பார்த்த அம்மா சொல்லிக் கொடுத்தது.

தாலிச் சங்கிலியையும் பாருங்கள். நீளச் சங்கிலி மைக்கில் டிங் டிங் என்று தட்டும், அதை எடிட்டில் எடுப்பது கஷ்டம். நேரலை முடியும் வரை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை_பட்டு | புதன், மாலை 6:02

சங்கிலிதானா அது! வளையல்னு நெனச்சு வளையலைக் கழட்டி வெச்சுட்டுப் பேசிட்டிருந்தேன். நாளைக்குப் பார்த்துச் சொல்றேன் தம்பி.

பூம்கம்பு | புதன், இரவு 9:15

பதினெட்டாம் வளைவுக்கு, பெரியவர் சட்டை வேலை.

மெடிக்கல் ஷாப்பில் ஓர் அங்குல மைக்ரோபோர் டேப், ஸ்டேஷனரியில் துணிக்கு ஒட்டக்கூடிய டபுள் சைட் டேப், இரண்டும் வாங்கு. மைக்ரோபோரில் நாலு விரல் நீளம் கிழித்து, பசை வெளிப்பக்கம் வரும்படி சமோசா மடிப்பது போல முக்கோணமாக மடித்துக்கொண்டே போ. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன முக்கோணப் பொட்டலம் கிடைக்கும், எல்லாப் பக்கமும் ஒட்டும். அதுபோல இரண்டு செய். மைக்கை நடுவில் வைத்து இரண்டு பொட்டலத்தையும் முன்னும் பின்னும் அமுக்கு. மைக் தலையின் வலை மட்டும் அரை நெல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலைமேல் டேப் ஏறினால் குரல் அடைத்துப் போகும். மைக்ரோபோர் பசை போதவில்லை என்று தோன்றினால் பொட்டலத்தின் வெளிமுகத்தில் டபுள் சைட் டேப் ஒரு துண்டு.

இப்போது முன்முகத்தைச் சட்டைப் பட்டன் பட்டியின் உள்பக்கம் ஒட்டு. இரண்டாவது, மூன்றாவது பொத்தானுக்கு நடுவில், தாடையில் இருந்து ஒரு சாண். பின்முகத்தைப் பனியனில் ஒட்டு. சட்டை, மைக், பனியன் மூன்றும் அந்த இடத்தில் ஒரே துணியாகிவிடும். தோலில் ஒட்டாதே. பெரியவர் மார்பு முடியைப் பிடித்து இழுக்கும், அவருக்குப் பேச்சே ஓடாது.

மைக் தலையைக் கீழ்நோக்கி வைக்கப் பயப்படாதே. உன்னுடையது எல்லாத் திசையிலும் கேட்கிற மைக்காகத்தான் இருக்கும், காலர் மைக் பெரும்பாலும் அப்படித்தான். தலைகீழாக வைத்தால் குரல் குறையாது, மூக்குக் காற்று நேரடியாக அடிப்பது மட்டும் குறையும். வயதானவர்கள் குனிந்து யோசிக்கும்போது மூச்சு புஸ் என்று கேட்குமே, அதற்கு இது நல்ல மருந்து.

அடுத்து வயர், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மைக்குக்கு நாலு விரல் கீழே வயரை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வளையம் சுற்றி, அந்த வளையத்தைப் பனியனில் மைக்ரோபோர் போட்டு ஒட்டு. வளையத்துக்கும் மைக்குக்கும் நடுவில் வயர் லேசாகத் தொய்வாக இருக்கட்டும். இடுப்பில் வயர் இழுபட்டால் இழுப்பு வளையத்தோடு நின்றுவிடும், மைக்குக்குப் போகாது.

இனி கஞ்சி. உண்மையைச் சொன்னால் இந்தச் சட்டைதான் உன் முதல் எதிரி. நாளைக்கே ஃபோன் போட்டு, கஞ்சி போடாத, நாலு தடவை துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ள முடியுமா என்று கேள்.

பதினெட்டாம்_வளைவு | வியாழன், காலை 7:45

அண்ணா, சட்டை விஷயம் கேக்கறதுதான் கஷ்டம். கேமரா முன்னாடி உட்காரும்போது மொடமொடப்பா இருக்கணும்ங்கறது அவருக்கு ஒரு மரியாதை. பேரன்கிட்ட லேசா சொல்லிப் பார்த்தேன். "தாத்தா கசங்கின சட்டையில படத்துல வர மாட்டார்"னு சொல்லிட்டார். துண்டையும் எடுக்க மாட்டாராம்.

ராத்திரி எங்க மாமாவுக்குக் கஞ்சிச் சட்டை போட்டு உங்க மூணு சோதனையும் செஞ்சேன். வயரை ஆட்டினா தும் தும். தோளைத் தூக்கினா கரகரப்பு. விரலால அமுக்கினா கரகரப்புல பெரும்பகுதி அப்படியே நின்னுடுச்சு! பிறகு சமோசா மடிச்சு ஒட்டினேன். முதல் தடவை வலைமேல டேப் ஏறிடுச்சு, போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி கேட்டுச்சு. ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு. இப்ப மிச்சம் இருக்கறது கஞ்சிச் சட்டை தன் மேலயே மடங்கும்போது வர்ற அந்தக் காகிதச் சத்தம் மட்டும்தான்.

நேரடி_கேமரா | வியாழன், காலை 10:20

செய்திக்கு 12 வருஷமா கேமரா தூக்கறேன். இவ்வளவு சுற்றுவழி எதுக்கு? மைக்கை வெளியே, பட்டன் பட்டியில, பார்க்கறவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி குத்துங்க. வயரை கிளிப்புக்குப் பின்னாடி ஒரு வளையம் சுத்தி அதே கிளிப்புல கடிச்சுக்க விடுங்க. முடிஞ்சது. பேட்டியில மைக் தெரியறது குத்தமே இல்ல. உள்ளே ஒளிச்சு வெச்சா குரல்ல பளிச்சுங்கற தன்மை போயிடும்.

பூம்கம்பு | வியாழன், மதியம் 12:45

நேரடி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளியே வைத்தால் மைக் தலைக்கு மேல் துணியே இல்லை, பாதிப் பிரச்சனை பிறக்கவே இல்லை. குரல் மங்குவதும் உண்மை. சட்டைக்குள் வைத்த மைக்கில் மேல் அலைவரிசை குறையும், எடிட்டில் 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் ஏற்றினால் ஓரளவு திரும்பும். ஆனால் இது குடும்பத்துக்காக எடுப்பது. தாத்தா முகத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு காலத்துக்கும் இருக்கும். அதைத் தம்பிதான் பேரனிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கஞ்சிக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் சட்டை மாட்டுவதற்கு முன் வாங்கி, பட்டன் பட்டியில் மைக் வரும் இடத்தில், உள்பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு ஈரத்துணியால் ஒத்தி, விரலால் கசக்கி, காயவிடு. அந்த இடம் மட்டும் கஞ்சி இளகித் தொய்ந்துவிடும். வெளியே பார்க்கத் தெரியாது. அவரிடம் கேட்டுச் செய்.

துண்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. அது வலது தோளில் இருந்தாலும் இடது தோளில் இருந்தாலும் சட்டையில் உரசத்தான் செய்யும். உட்கார்ந்த பிறகு இழுத்துச் சரிசெய்யாமல் இருந்தால் போதும்.

நேரடி_கேமரா | வியாழன், மதியம் 1:05

கறுப்புப் பொட்டுன்னா பிரச்சனைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஒலி கெட்டா பேட்டியே கெட்டுது.

பூம்கம்பு | வியாழன், இரவு 8:40

இனி உஸ் இரைச்சல். ஆட்டோவில் அது ஏறி இறங்கியதற்குக் காரணம் எளிது. அவர் நிறுத்தினால், சத்தம் குறைந்துவிட்டது என்று கேமரா தானாகத் தன் பெருக்கத்தைக் கூட்டும். பேச்சு இல்லாத இடத்தில் கூட்டினால் தன் இரைச்சலைத்தான் கூட்ட முடியும். அவர் பேசியதும் மறுபடி இறக்கிவிடும். அதனால் ஆட்டோவை மறந்துவிடு.

மேனுவலில் 26 வைத்தும் இரைச்சல் வந்தது ஏன்? உன் ரிசீவர் -24 என்ற படியில் குரலை மெல்லியதாக்கி அனுப்புகிறது. கேமரா அதை 26 வரை ஏற்றிப் பெரிதாக்குகிறது. இந்தக் கேமராக்கள் படத்துக்காகச் செய்யப்பட்டவை, உள்ளே இருக்கிற மைக் பெருக்கி சுமார்தான். அதை அதிகம் வேலை வாங்கினால் இரைச்சல் தரும். ஆகவே ரிசீவரை உரக்கக் கொடுக்கச் சொல், கேமராவைச் சும்மா இருக்கச் சொல். சிவா முதல் நாளே சொன்னது இதில் சரி.

ஆனால் மீட்டர் முட்டும்வரை எடுப்பது தவறு சிவா. சாதாரணப் பேச்சு -12 பக்கம் ஆடட்டும், அழுத்திச் சொல்லும் வார்த்தை -6ஐத் தொட்டால் போதும். 0 வரை கொண்டுபோனால் அவர் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்ததும் கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்ட முடியாது.

தம்பி, வரிசை இது. முதலில் பாடிபேக்கில் உள்ள மைக் பெருக்கம்: அவர் சிரிக்கிற, வேலையாளைக் கூப்பிடுகிற சத்தத்துக்கு அங்கே பீக் விளக்கு எரியக்கூடாது. அது சரியான பிறகு அதைத் தொடாதே. அடுத்து ரிசீவரை 0 படியில் வை. கடைசியாகக் கேமராவில் Audio Rec Level எண்ணை 1ல் இருந்து மேலே ஏற்றி, பேச்சு -12 வரும்போது நிறுத்து. ஒருவேளை 1லேயே மீட்டர் துள்ளினால், அல்லது மீட்டர் கீழே இருந்தும் குரல் கரகரத்தால், ரிசீவர் கேமராவின் வாசலையே முட்டுகிறது என்று பொருள். அப்போது ஒரு படி இறங்கி -12க்கு வா.

சோதிக்க: ரிசீவர் கேமராவில் குத்தியபடியே இருக்கட்டும், பாடிபேக்கை ம்யூட் செய்து 10 விநாடி பதிவு செய். பழைய வைப்பில் ஒன்று, புது வைப்பில் ஒன்று. எடிட்டில் இரண்டின் மீட்டரையும் பார்.

பதினெட்டாம்_வளைவு | வெள்ளி, இரவு 11:20

செஞ்சேன் அண்ணா. பழைய வைப்பு (ரிசீவர் -24, கேமரா 26): ம்யூட்ல மீட்டர் -52 பக்கம் நிக்குது. புது வைப்பு (ரிசீவர் 0, கேமரா 3): -68. காதுல கேட்டாலே வித்தியாசம் தெரியுது, உஸ் எங்கேயோ தூரத்துக்குப் போயிடுச்சு. ஆனா ரிசீவரை 24 ஏத்தினேனே, இரைச்சலும் 24 குறையணும்தானே? 16தான் குறைஞ்சிருக்கு.

இன்னொண்ணு. மாமா சத்தமா சிரிச்ச இடத்துல கேமரா மீட்டர் 0 பக்கமே போகலை, ஆனாலும் கிழிஞ்சு கேக்குது. அலையைப் பெரிசாக்கிப் பார்த்தா தலைப்பக்கம் கத்தியால சீவின மாதிரி தட்டையா இருக்கு. கேமரா எண்ணை 1க்கு இறக்கினாலும் அதே.

பூம்கம்பு | சனி, காலை 6:30

16தான் வரும். கேமரா இரைச்சல் போன பிறகு மிச்சம் தெரிவது ரிசீவரின் சொந்த இரைச்சல். அதற்குக் கீழே இந்த செட்டில் போக முடியாது, போகத் தேவையும் இல்லை. தோட்டத்துக் குருவிச் சத்தமே அதை மூடிவிடும்.

சிரிப்பு கிழிந்ததற்குக் காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். ரிசீவரை -12க்கு இறக்கி, கேமரா எண்ணைச் சற்று ஏற்றி, மறுபடி சிரிக்கச் சொல். தட்டைத் தலை போய்விட்டால் கேமரா வாசல்தான். போகவில்லை என்றால் குரல் பாடிபேக்கிலேயே கிழிந்துவிட்டது. அங்கே சீவப்பட்ட அலையைப் பிறகு எவ்வளவு சின்னதாக்கினாலும் தட்டைத் தலையோடுதான் வரும். கேமரா மீட்டர் 0ஐத் தொடவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது, அது முன்னால் நடந்ததைக் காட்டாது.

பதினெட்டாம்_வளைவு | சனி, காலை 9:10

-12க்கு இறக்கியும் தட்டையாத்தான் வந்துச்சு. பாடிபேக் பெருக்கத்தை 10 டெசிபல் குறைச்சேன், சிரிப்பு முழுசா வட்டமா வருது. ரிசீவர் திரும்ப 0, கேமரா 3ல இருந்து 9 ஆச்சு. ம்யூட்ல இப்ப -63. கொஞ்சம் ஏறிடுச்சு, ஆனா சிரிப்பு கிடைச்சுது. அவர் சிரிப்புதான் அந்தப் பேட்டியில முக்கியம், இதையே வெச்சுக்கறேன்.

பூம்கம்பு | சனி, காலை 9:25

சரியான முடிவு. கேமராவை இயக்கியதும் ஹெட்போனைக் கழற்றாதே. சோனியில் ஹெட்போன் துளை இல்லாத மாடல் என்றால் ரிசீவரில் இருக்கிறதா பார்.

அம்மாபேட்டை_பட்டு | சனி, இரவு 8:50

ரெண்டு ஊக்கு குத்தி, சங்கிலியை உள்ள விட்டு, நடு மார்புல மைக் வெச்சுப் பேசினேன். ஒருத்தர் கூட சத்தம் பத்திக் குறை சொல்லலை. சேலையை விரிச்சுக் காட்டும்போது மட்டும் கையில இருக்கற சேலை மைக்ல பட்டு கரகரன்னுச்சு. அதுக்கு என்ன செய்யலாம்?

பதினெட்டாம்_வளைவு | ஞாயிறு, இரவு 9:30

எடுத்துட்டு இறங்கிட்டேன்.

காலையில 7 மணிக்கே போயிட்டேன். சட்டையை மடிச்சு வெச்சிருந்தாங்க. பெரியவர்கிட்ட நேராவே சொன்னேன்: ஐயா, போன தடவை உங்க சட்டைச் சத்தம் உங்க பேச்சுக்கு மேல கேட்டுது, உள்பக்கம் இவ்வளவு இடத்துல மட்டும் கஞ்சியை இளக்கிக்கட்டுமான்னு. அவரே ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி, எந்த இடம்னு காட்டச் சொல்லி, தன் கையாலயே கசக்கிக் கொடுத்தார். அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் காட்டினோம், காஞ்சுடுச்சு. சமோசா, நாணய வளையம், தலைகீழ் மைக் எல்லாம் நீங்க சொன்னபடி.

முதல் 35 நிமிஷம் சுத்தமா வந்திருக்கு. கை ஆட்டறார், கரகரப்பு இல்ல. ரெண்டு இடத்துல வாய்விட்டுச் சிரிக்கிறார், கிழியலை. பேச்சு -12, -10னு ஆடுது. குரல் கொஞ்சம் மங்கல்தான், 7 கிலோஹெர்ட்ஸ்ல 3 ஏத்தினதும் எழுந்து வந்துச்சு.

பிறகு வெளியே செடிகிட்ட நடந்துக்கிட்டே பேசணும்னு ஆசைப்பட்டார். நடக்கும்போது துண்டு நழுவ நழுவ அவர் இழுத்துப் போட, அந்த உரசல் ஒவ்வொரு தடவையும் பதிவாயிருக்கு. பனியனோட ஒட்டினது நடையில ஒரு முனை விட்டுப்போச்சு. அங்கே நிறுத்தி, பேரன்கிட்ட கேட்டுட்டு, மைக்கை வெளியே எடுத்துப் பட்டன் பட்டியில தெரியற மாதிரியே குத்தினேன், நேரடி அண்ணா சொன்ன வளையத்தோட. மலைக்காத்துக்கு வெறும் பஞ்சு உறை போதலை, பொசுபொசுன்னு இருக்கற முடி உறையை மேல மாட்டினேன். ஒலி வீட்டுக்குள்ள எடுத்ததை விடப் பளிச்சுன்னு இருக்கு.

இப்ப ஒரே பேட்டியில ரெண்டு விதமான குரல். ஒட்டிப் பார்த்தா மாறற இடம் காதுக்குத் தெரியுது. உள்ளே எடுத்ததை இன்னும் ஏத்தறதா, வெளியே எடுத்ததை மங்க வைக்கறதா?

சிவா_விஷன் | ஞாயிறு, இரவு 9:52

வெளியே எடுத்ததை மங்க வைங்க. ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

நேரடி_கேமரா | ஞாயிறு, இரவு 10:04

நல்லா இருக்கறதை எதுக்குக் கெடுக்கணும்? இடம் மாறுது, ஒலியும் மாறட்டும். அவர் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போற ஷாட் இருந்தா நடுவுல போடுங்க, காது தானா ஏத்துக்கும்.

பூம்கம்பு | ஞாயிறு, இரவு 10:30

கதவு ஷாட் இருந்தால் அதைத்தான் நானும் செய்வேன். இல்லை என்றால் தோட்டத்தில் யாரும் பேசாத 20 விநாடி சத்தம் ஏதாவது பதிவில் இருக்கிறதா தேடு, உள்ளே எடுத்த கடைசி வாக்கியத்துக்கு அடியிலேயே அதை மெல்ல ஏற்றிக்கொண்டு வா.

அம்மாபேட்டை அக்கா, விரித்துக் காட்டும் சேலையை மைக்குக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள். முடியாது என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

பதினெட்டாம்_வளைவு | ஞாயிறு, இரவு 10:41

கதவு ஷாட் எடுக்கலை அண்ணா. ஆனா அவர் செடிகிட்ட நின்னு பழத்தைப் பறிச்சுக் கையில வெச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னார். அது முழுசா இருக்கு, 40 விநாடி.